விரலை மடக்கினால் ஒன்பதாம் வாய்ப்பாடு: எப்படி, ஏன்?

எந்த எண்ணை ஒன்பதால் பெருக்க வேண்டுமோ, அந்த எண்ணுக்குரிய விரலை மடக்கினால் மீதி விரல்களில் விடை தெரியும். ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கான இந்த விரல் வித்தை பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது ஏன் பலிக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. காரணம் தெரியாமல் கற்றுக்கொண்டால், கொஞ்ச நாளில் எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும், மடக்கிய விரலைச் சேர்க்க வேண்டுமா கூடாதா என்பதெல்லாம் குழம்பிவிடும். அதனால் இங்கே செய்முறையைச் சொன்ன கையோடு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரணத்துக்குள்ளேயே, ஒன்பதின் மடங்குகளில் இலக்கங்களைக் கூட்டினால் ஏன் ஒன்பது வருகிறது என்பதற்கான விடையும் இருக்கிறது.

கைகளை எப்படி வைப்பது

இரண்டு கைகளையும் உள்ளங்கை கீழே இருக்கும்படி மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். விரல்கள் விரிந்திருக்கட்டும். இப்போது கட்டைவிரல்கள் இரண்டும் நடுவில் அடுத்தடுத்து இருக்கும். சுண்டுவிரல்கள் இரண்டு ஓரங்களிலும் இருக்கும். உங்கள் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை வரிசையாக எண்ணிக்கொண்டு வாருங்கள். இடது சுண்டுவிரல் 1, மோதிரவிரல் 2, நடுவிரல் 3, ஆள்காட்டி விரல் 4, இடது கட்டைவிரல் 5. அங்கிருந்து வலது கைக்குத் தாவினால் வலது கட்டைவிரல் 6, ஆள்காட்டி விரல் 7, நடுவிரல் 8, மோதிரவிரல் 9, சுண்டுவிரல் 10.

சரி, 9 × 4 எவ்வளவு? நான்காம் விரலை, அதாவது இடது ஆள்காட்டி விரலை மடக்குங்கள். மடக்கிய விரலுக்கு இடப்பக்கம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று விரல்கள் இருக்கின்றன. வலப்பக்கம் இடது கட்டைவிரலும் வலது கையின் ஐந்து விரல்களும் சேர்ந்து ஆறு. இடப்பக்கம் உள்ளவை பத்துகள், வலப்பக்கம் உள்ளவை ஒன்றுகள். மூன்று பத்தும் ஆறு ஒன்றும் சேர்ந்தால் 36.

இன்னொன்று. 9 × 7 என்றால் ஏழாம் விரல், வலது ஆள்காட்டி விரல், மடங்குகிறது. இடப்பக்கம் இடது கை முழுவதும் ஐந்து, அதோடு வலது கட்டைவிரல் ஒன்று, ஆக ஆறு. வலப்பக்கம் மூன்று. விடை 63. ஓரத்து விரல்களிலும் இதே விதிதான். முதல் விரலை மடக்கினால் இடப்பக்கம் ஒன்றும் இல்லை, வலப்பக்கம் ஒன்பது. அதனால் 9. பத்தாம் விரலை மடக்கினால் இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் ஒன்றுமில்லை. அதனால் 90.

உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டும் செய்யலாம். அப்போது இடது கட்டைவிரல்தான் 1. விரல்களின் பெயர்கள் மாறுமே தவிர விடை மாறாது. ஆனால் ஒரு நாள் இப்படியும் ஒரு நாள் அப்படியும் செய்தால் சின்னக் குழந்தைகள் தடுமாறுவார்கள். எனக்கு மேசைமேல் வைப்பதுதான் பிடிக்கும். கை ஆடாது, விரல்களை நிதானமாக எண்ணலாம்.

தவறு வரும் இடங்கள்

அடிக்கடி வரும் தவறு, மடக்கிய விரலையும் சேர்த்து எண்ணிவிடுவது. 9 × 4-க்கு நான்காம் விரலை மடக்கியதும் “இடப்பக்கம் நான்கு” என்று வாயில் வந்துவிடும். விடை 46 ஆகிவிடும். வலப்பக்கத்தோடு சேர்த்துவிட்டால் 37. இதைக் கண்டுபிடிப்பது எளிது. இருப்பவை பத்து விரல்கள், அதில் ஒன்றை மடக்கிவிட்டோம், ஆக நிற்பவை ஒன்பதுதான். இடமும் வலமும் சேர்ந்து ஒன்பதுக்கு மேல் போகவே முடியாது. 4 + 6 பத்து, 3 + 7 பத்து. பத்து வந்தால் மடக்கிய விரல் எண்ணிக்கையில் புகுந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது தவறு இதைவிடக் கள்ளத்தனமானது. வலது ஓரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தால் 9 × 4-க்கு ஏழாம் விரல் மடங்கும், விடை 63 என்று வரும். குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போதும் இதே கோளாறுதான். நீங்கள் உங்கள் நான்காம் விரலை மடக்குகிறீர்கள், எதிரிலிருந்து பார்க்கும் குழந்தைக்கு அது இடமிருந்து ஏழாவதாகத் தெரிகிறது. உங்களுக்கு 36, அவளுக்கு 63. இரண்டிலும் கூட்டினால் ஒன்பதுதான் வருகிறது என்பதால் முன்பு சொன்ன சோதனை இந்தத் தவறைப் பிடிக்காது. தடுக்க ஒரே வழி, எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருவது. பிடிக்கவும் ஒரு வழி உண்டு. 9 × 4 என்பது பத்து நான்கைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் விடை நாற்பதுக்குச் சற்றுக் கீழே, முப்பதுகளில்தான் இருக்க வேண்டும். 63-க்கு அங்கே இடமே இல்லை.

இந்தக் கோளாறிலேயே ஒரு அழகும் இருக்கிறது. 18-க்கு எதிர்ப்பக்கம் 81, 27-க்கு 72, 36-க்கு 63, 45-க்கு 54. இந்த வாய்ப்பாடு நடுவில் மடித்தாற்போல் தலைகீழாகத் திரும்புவதற்குக் காரணம், அதே கைகளை எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்கிறோம் என்பதுதான்.

மோதிரவிரல் மட்டும் தனியாக மடங்க மறுக்கும். 9 × 2, 9 × 9 இரண்டிலும் அந்த விரல்தான் வரும், பக்கத்து விரல்களும் கூடவே இழுபடும். முழுதாக மடக்க வேண்டியதில்லை, நுனியைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் போதும்.

ஏன் பலிக்கிறது

இதற்குக் குச்சிகளை எடுத்துக்கொள்வோம். தீக்குச்சி, பென்சில், எதுவானாலும் சரி. 9 × 4 என்றால், ஒன்பது குச்சிகள் கொண்ட நான்கு கட்டுகள். மொத்தம் எத்தனை என்று எண்ண வேண்டும். ஒன்பது ஒன்பதாக எண்ணுவது சிரமம், பத்துப் பத்தாக எண்ணுவது சுலபம். ஒவ்வொரு கட்டும் பத்தாவதற்கு ஒரே ஒரு குச்சிதான் குறைகிறது. அதனால் நான்காம் கட்டைப் பிரித்துவிடுவோம். பிரித்த கட்டிலிருந்து மற்ற மூன்று கட்டுகளுக்கும் ஆளுக்கொரு குச்சி கொடுப்போம். மூன்றும் பத்துக் கட்டுகளாகிவிட்டன. பிரித்த கட்டில் ஒன்பதில் மூன்று போக ஆறு மீதி. மூன்று பத்து, ஆறு ஒன்று. 36.

இப்போது கையைப் பாருங்கள். மடக்கிய நான்காம் விரல்தான் பிரித்த கட்டு. அதற்கு இடப்பக்கம் நிற்கும் மூன்று விரல்கள், பத்தாக நிரம்பிய மூன்று கட்டுகள். வலப்பக்கத்து ஆறு விரல்கள், பிரித்த கட்டில் மிஞ்சிய ஆறு குச்சிகள். மடக்கிய விரலை ஏன் எண்ணக் கூடாது என்பதும் இங்கே தெளிவாகிறது. அந்தக் கட்டு இப்போது கட்டாக இல்லை, கலைந்துவிட்டது.

பிரித்த கட்டின் ஒன்பது குச்சிகளும் எங்கே போயின என்று மட்டும் கவனியுங்கள். சில குச்சிகள் மற்றக் கட்டுகளுக்குப் போயின, ஒரு கட்டுக்கு ஒன்று. எத்தனை குச்சி போனதோ அத்தனை பத்துகள் உருவாயின. அதுதான் பத்துகளின் இலக்கம். போகாமல் தங்கியவை ஒன்றுகளின் இலக்கம். போனவையும் தங்கியவையும் சேர்ந்தால் அந்த ஒரே கட்டின் ஒன்பது குச்சிகள். ஒன்பதின் மடங்கில் இலக்கங்களைக் கூட்டும்போது, உண்மையில் நாம் பிரித்த கட்டின் குச்சிகளைத்தான் திரும்ப எண்ணுகிறோம். அதனால்தான் 1 + 8, 2 + 7, 3 + 6 எல்லாமே ஒன்பது.

எழுத்தில் எழுத விரும்புகிறவர்களுக்கு இதே விஷயம் ஒரு வரியில்:

9 × n = 10 × (n − 1) + (10 − n)

n-ஆம் விரலுக்கு இடப்பக்கம் n − 1 விரல்கள், வலப்பக்கம் 10 − n விரல்கள். இரண்டையும் கூட்டினால் n அடிபட்டுப் போய் 9 மட்டும் நிற்கும்.

ஒரு சின்ன இடைச்செருகல். இதில் ஒன்பதுக்கென்று தனி மகிமை எதுவும் இல்லை. நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், ஒன்பது பத்தைவிட ஒன்று குறைவு, அவ்வளவுதான். எட்டு எட்டாக எண்ணும் முறையில் இந்தப் பெருமை ஏழுக்குப் போய்விடும். கட்டைவிரல்களை விட்டுவிட்டு எட்டு விரல்களில் மூன்றாவதை மடக்கிப் பாருங்கள். இடப்பக்கம் 2, வலப்பக்கம் 5. இரண்டு எட்டும் ஐந்தும் சேர்ந்தால் 21. ஏழு மூன்று இருபத்தொன்று.

பதினொன்றில் என்ன ஆகிறது

“ஒன்பதின் எந்த மடங்கானாலும் இலக்கங்களின் கூட்டல் ஒன்பது” என்று பலர் சொல்லிவிடுவார்கள். அது அப்படியே உண்மை அல்ல. 9 × 11 = 99. 9 + 9 = 18. விரல் வித்தையும் பத்தோடு நின்றுவிடுகிறது, பதினோராம் விரல் கிடையாது.

குச்சிகளில் பார்த்தால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பதினொரு கட்டுகள் இருக்கின்றன. ஒன்றைப் பிரித்தால் கையில் ஒன்பது குச்சிகள். ஆனால் காத்திருப்பவை பத்துக் கட்டுகள். ஒன்பது கட்டுகள் நிரம்பிவிடும், பத்தாவது கட்டுக்குக் குச்சி இல்லை. அது ஒன்பதாகவே நிற்கும். ஆக ஒன்பது பத்து, மீதி ஒன்பது. இப்போது நம் கணக்கில் இரண்டு கட்டுகளின் குச்சிகள் தெரிகின்றன. பிரித்த கட்டின் ஒன்பது பத்துகளாக மாறிவிட்டது, நிரம்பாத கட்டின் ஒன்பது ஒன்றுகளாக நிற்கிறது. அதனால்தான் பதினெட்டு.

பன்னிரண்டுக்குப் போனால் இன்னும் சுவையாக இருக்கும். முதல் கட்டைப் பிரித்து ஒன்பது கட்டுகளை நிரப்பிவிட்டோம். இன்னும் இரண்டு கட்டுகள் பாக்கி. அவற்றில் ஒன்றைப் பிரித்து மற்றதற்கு ஒரு குச்சி கொடுத்தால் அது பத்தாகும், எட்டு மிஞ்சும். மொத்தம் பத்துப் பத்துகள், எட்டு ஒன்றுகள். பத்துப் பத்துகளை நாம் “பத்து” என்று ஒரே இடத்தில் எழுத முடியாது, ஒரு நூறாகக் கட்டிவிடுகிறோம். விடை 108. கூட்டினால் 1 + 0 + 8 = 9. பத்தும் எட்டும் பதினெட்டாக இருந்தது, பத்து ஒன்றாகச் சுருங்கியதும் ஒன்பது குறைந்து ஒன்பதாகிவிட்டது. எங்கே பத்து சேர்ந்து அடுத்த இடத்துக்கு ஒன்றாகப் போனாலும் கூட்டலில் சரியாக ஒன்பது குறையும். அதனால் பெரிய மடங்குகளில் கூட்டல் 9, 18, 27 என்று மாறலாம், ஆனால் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். மறுபடியும் மறுபடியும் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 9-இல் வந்து நிற்கும். சரியான கூற்று இதுதான்.

இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். 4725 ஒன்பதால் வகுபடுமா? ஆயிரம் என்பது 999-ம் ஒன்றும். நூறு என்பது 99-ம் ஒன்றும். பத்து என்பது 9-ம் ஒன்றும். 999, 99, 9 மூன்றும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். அதனால் நான்கு ஆயிரத்திலிருந்து நான்கு மிஞ்சும், ஏழு நூறிலிருந்து ஏழு, இரண்டு பத்திலிருந்து இரண்டு, அப்புறம் அந்த ஐந்து. 4 + 7 + 2 + 5 = 18. பதினெட்டு ஒன்பதால் வகுபடுவதால் 4725-ம் வகுபடும். விடை 525. கடைசி இலக்கம் 6 ஆக இருந்திருந்தால் கூட்டல் 19, அதைக் கூட்டினால் 10, அதையும் கூட்டினால் 1. மீதி ஒன்று என்று வகுக்காமலே தெரிந்துவிடும்.

இந்தச் சோதனை எதைப் பிடிக்காது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 9 × 87 = 783. யாராவது 773 என்று எழுதினால் கூட்டல் 17, உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் 738 என்று இலக்கங்களை மாற்றி எழுதிவிட்டால் கூட்டல் அதே 18. தவறான விடை சோதனையைத் தாண்டிப் போய்விடும். இடம் மாறினாலும் இலக்கங்கள் அவையே, மீதியும் அதுவே, அதனால் சரியான எண்ணுக்கும் தவறான எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காக இருக்கும். இங்கே 783 − 738 = 45. கணக்குப் பதிவேடு பார்ப்பவர்கள் இதையே துப்பாக வைத்துக்கொள்வது உண்டு. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல், வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று முதலில் தேடுவார்கள்.

இரண்டு இலக்க எண்களுக்கும் அதே கைகள்

விரல்கள் பத்தோடு நின்றுவிடுகின்றன என்று சொன்னேன். ஒரு வகை எண்களுக்கு மட்டும் அந்த எல்லையைத் தாண்டலாம். ஒன்றுகளின் இலக்கம் பத்துகளின் இலக்கத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். 36, 27, 45, 18 போன்றவை.

9 × 36-ஐப் பார்ப்போம். கைகளை முன்போலவே வைத்து, முதல் மூன்று விரல்களை நெருக்கி இடப்பக்கமாக ஒதுக்குங்கள். மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவே இடைவெளி நன்றாகத் தெரிய வேண்டும். அப்புறம் ஆறாம் விரலை, வலது கட்டைவிரலை, மடக்குங்கள். இடைவெளிக்கு முன்னால் மூன்று விரல்கள், அவை நூறுகள். இடைவெளிக்கும் மடக்கிய விரலுக்கும் நடுவே நான்காவதும் ஐந்தாவதும், இரண்டு விரல்கள், அவை பத்துகள். மடக்கிய விரலுக்கு வலப்பக்கம் நான்கு, அவை ஒன்றுகள். விடை 324. மூன்று குழுக்களையும் கூட்டினால் இங்கேயும் நிற்கும் விரல்கள் ஒன்பதுதான், அதனால் இலக்கங்களின் கூட்டலும் ஒன்பது.

காரணம் பெரிதாக மாறவில்லை. ஒன்பது முப்பத்தாறு என்பது 360-இலிருந்து 36-ஐக் கழிப்பது. மூன்று நூறு அப்படியே இருக்கிறது. ஆறு பத்துகளில் மூன்று பத்து கழிகிறது, மூன்று மிஞ்சுகிறது. இன்னும் ஆறு ஒன்றுகளைக் கழிக்க வேண்டும், அதற்காக ஒரு பத்தை உடைக்கிறோம். பத்துகள் இரண்டாகின்றன, உடைத்த பத்தில் ஆறு போக நான்கு மீதி. உடைத்த பத்துதான் இங்கேயும் மடக்கிய விரல்.

9 × 45-இல் ஒரு சிக்கல் வரும். நான்காம் விரலுக்குப் பிறகு இடைவெளி, ஐந்தாம் விரல் மடங்குகிறது. இடையில் விரலே இல்லை. அந்த இடத்தில் பூஜ்யம் போட வேண்டும், விட்டுவிடக் கூடாது. விடை 405. அதை மறந்து 45 என்று எழுதிவிட்டாலும் கூட்டல் ஒன்பதே வரும். அதனால் இங்கேயும் மதிப்பீடுதான் காப்பாற்றும். 450-க்குச் சற்றுக் குறைவாக விடை இருக்க வேண்டும்.

44, 52 போன்ற எண்களில் இந்த முறை நடக்காது. 9 × 52-க்கு ஐந்தாம் விரலுக்குப் பிறகு இடைவெளி விட வேண்டும், ஆனால் மடக்க வேண்டிய இரண்டாம் விரல் இடைவெளிக்கு முன்னாலேயே இருக்கிறது. பத்துகளுக்கு இடமே இல்லை. கழித்தலில் பார்த்தால், இரண்டு பத்திலிருந்து ஐந்து பத்தைக் கழிக்க முடியாமல் ஒரு நூறை உடைக்க வேண்டியிருக்கிறது. ஒன்றுகளுக்காக ஒரு பத்தும், பத்துகளுக்காக ஒரு நூறும் என்று இரண்டு முறை உடைக்கிறோம், கையிலோ ஒரு விரலைத்தான் மடக்கினோம். இப்படிப்பட்ட எண்களில் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 18 வருவதும் அதனால்தான். விரலை விட்டுவிட்டு நேராகக் கழித்துவிடுங்கள். 520 − 52 = 468.